இரண்டு நண்பர்கள், ஒரு தயிர்க் கொட்டில்: தனிவியாபாரமா, பங்குடைமையா, தனியார் கம்பனியா?

நாங்கள் இருவர். ஒருவர் கத்தாரில் வேலை, 24 இலட்சம் போடுகிறார். மற்றவர் களுவாஞ்சிக்குடியில், 2 இலட்சமும் முழுநேர உழைப்பும். படுவான்கரையில் பால் எடுத்துச் சட்டித் தயிர் செய்து கொழும்பு ஹோட்டல்களுக்கு அனுப்பப் போகிறோம். வங்கிக்குக் கொடுக்கும் வியாபாரத் திட்டத்தில் "சட்ட அமைப்பு" என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. என்ன எழுதுவது?

உங்கள் நிலைமைக்கு என்றால் தனியார் கம்பனி என்று எழுதுங்கள். காரணம் கௌரவமும் இல்லை, வரியும் இல்லை. பணம் போடுகிறவர் ஊரில் இல்லை. ஊரில் இருப்பவர் கையொப்பம் வைக்கிறவர். விற்பது சாப்பிடும் பொருள். வாகனம் லீசிங்கில் வரப்போகிறது. இந்த நான்கும் ஒன்றுசேரும் இடத்தில் பங்குடைமை இருவருக்குமே ஆபத்து.

கத்தார் நண்பர் அடுத்த மாதமே வேலையை விட்டு வந்து கொட்டிலில் நிற்கப்போகிறார், வாகனம் இல்லை, தயிர் கல்முனை, மட்டக்களப்புக் கடைகளுக்கு மட்டும்தான் போகிறது என்றால் என் பதில் வேறாக இருக்கும். அப்போது ஒழுங்காக எழுதப்பட்ட பங்குடைமை போதும். தனிவியாபாரம் மட்டும் இரு நண்பர்கள் சேரும் எந்த நிலைமைக்கும் பொருந்தாது.

இப்போதைக்கு ஊரில் இருப்பவரின் பெயரில் மட்டும் பதிந்தால் என்ன? பிரதேச செயலகத்தில் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார்கள்.

சீக்கிரம் முடியும் என்பது உண்மை. வியாபாரப் பெயர் பதிவு மாகாண சபையின் கீழ் வரும் விடயம். களுவாஞ்சிக்குடிக்காரர் மண்முனை தெற்கு எருவில் பற்றுப் பிரதேச செயலகத்துக்குப் போனால் போதும். கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சான்றிதழில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். வங்கிக் கணக்கு, வாகனம், ஹோட்டலோடு செய்யும் ஒப்பந்தம், குளிரூட்டி எல்லாம் அந்த ஒருவருடைய தனிச் சொத்தும் தனிப் பொறுப்பும் ஆகிவிடும். கத்தாரில் இருந்து வந்த 24 இலட்சம் சட்டத்தின் பார்வையில் என்ன? முதலீடா, கைமாற்றா, அன்பளிப்பா? வங்கிப் பரிமாற்றச் சீட்டு பணம் வந்ததைக் காட்டும். எதற்காக வந்தது என்பதைக் காட்டாது.

ஊரில் இருப்பவர் திடீரென இறந்தால் நிலைமை இன்னும் மோசம். கணக்கில் உள்ள பணமும் கொட்டிலில் உள்ள பொருள்களும் அவருடைய மரணச் சொத்தாகி, மனைவி பிள்ளைகளுக்குப் போகும். நண்பர் அவர்களுடைய வாசலில் போய் நின்று "அதில் பாதி என்னுடையது" என்று சொல்ல வேண்டிவரும். கையில் ஒரு கடதாசியும் இருக்காது.

பள்ளிக்கூடக் காலத்து நண்பர்கள் நாங்கள். பங்குடைமைக்கு எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயமா? வாய்ப்பேச்சு போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18ஆம் பிரிவின்படி, மூலதனம் 1000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை ஒன்றை நிலைநாட்ட, எழுத்தில் கையொப்பமிட்ட உடன்படிக்கை வேண்டும். ஆயிரம் ரூபா அந்தக் காலத்தில் பெருந்தொகை. இன்று நாலு தயிர்ச் சட்டி வாங்கினாலே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். ஆகவே நடைமுறையில் எல்லாப் பங்குடைமைக்கும் எழுத்து வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. இலாபத்தில் பங்கு கேட்டு ஒருவர் நீதிமன்றம் போனால், "அப்படி ஒரு பங்குடைமையே இல்லை" என்று மற்றவர் சொல்லிவிடலாம். வாய்ச்சொல்லை வைத்து அதை நிலைநாட்டுவது மிகக் கடினம். ஆனால் பால் கொடுத்த பட்டிக்காரருக்கு அந்தத் தடை கிடையாது. அவர் இருவரையும் பங்காளர்களாகக் காட்டிக் கடனைக் கேட்கலாம். உங்களுக்குள் உரிமை கோர முடியாத கூட்டு, கடன்காரருக்கு முன்னால் மட்டும் உயிரோடு இருக்கும்.

இன்னொரு தவறான நம்பிக்கை: பிரதேச செயலகத்தில் இருவர் பெயரையும் போட்டுப் பதிந்த சான்றிதழ்தான் ஒப்பந்தம் என்று நினைப்பது. இன்ன பெயரில் இன்னார் வியாபாரம் செய்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. யார் எவ்வளவு போட்டார், யாருக்கு எவ்வளவு இலாபம், யார் காசோலையில் ஒப்பமிடுவது என்ற எதுவும் அதில் இல்லை.

ஒப்பந்தத்துக்கு நொத்தாரிசு கட்டாயமில்லை. எழுத்தும் ஒப்பமும்தான் தேவை. காணி சம்பந்தப்பட்டால் மட்டும் கதை வேறு. கொட்டில் ஒருவரின் தாயாருடைய வளவில் நிற்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தை ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு எடுப்பதாக இருந்தால், இதே சட்டத்தின் 2ஆம் பிரிவு நொத்தாரிசு உறுதியைக் கேட்கிறது. அமைப்பு பங்குடைமையோ கம்பனியோ, இதில் மாற்றமில்லை. மூன்று இலட்சம் செலவழித்துத் தரைக்கு ஓடு பதித்த பிறகு தாயாரின் மற்றப் பிள்ளைகள் வந்து கேள்வி கேட்டால், வாய்மொழி அனுமதி நிற்காது.

ஒப்பந்தம் எழுதினோம், ஆனால் "இருவரும் சேர்ந்து நடத்துகிறோம்" என்று மட்டும் ஒரு பக்கத்தில் எழுதினோம். மிச்சத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளும், ஆனால் உங்கள் விருப்பப்படி இல்லை. பங்குடைமை விடயத்தில் இலங்கை ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றுகிறது. ஆகவே 1890ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம் இங்கே செல்லும். நீங்கள் எழுதாமல் விட்ட இடங்களை அதன் 24ஆம் பிரிவு நிரப்பும். இலாபமும் நட்டமும் சரிபாதி. உழைக்கும் பங்காளருக்குச் சம்பளம் கிடையாது. போட்ட மூலதனத்துக்கு வட்டி கிடையாது.

உங்கள் விடயத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். இரண்டு ஆண்டுகள் ஓடி, வியாபாரம் படுத்துவிடுகிறது. குளிரூட்டி, பாத்திரங்கள், வசூலான பாக்கி எல்லாம் சேர்த்து 9 இலட்சம் தேறுகிறது. பால்காரர்களுக்கு 5 இலட்சம் கொடுக்க வேண்டும். லீசிங் நிறுவனம் வாகனத்தை எடுத்து விற்ற பிறகும் 11 இலட்சம் பாக்கி என்கிறது. மொத்தக் கடன் 16 இலட்சம், கையில் 9, குறைவு 7.

போட்ட மூலதனம் 26 இலட்சமும் போய்விட்டது, அதற்கு மேல் 7 இலட்சம் கடனும் நிற்கிறது. ஆக மொத்த நட்டம் 33 இலட்சம். சரிபாதி என்றால் ஆளுக்கு 16½ இலட்சம். கத்தார் நண்பர் ஏற்கனவே 24 போட்டவர். ஆகவே அவருக்கு 7½ இலட்சம் திரும்ப வர வேண்டும். ஊர் நண்பர் 2 மட்டும் போட்டவர். அவர் 14½ இலட்சம் கொண்டுவர வேண்டும். அதில் 7 கடன்காரருக்கு, 7½ நண்பருக்கு. இரண்டு வருடம் சம்பளமே இல்லாமல் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிப் பால் காய்ச்சியவருக்கு வரும் கணக்கு இது.

மறுபக்கமும் இருக்கிறது. ஊர் நண்பரிடம் 14½ இலட்சம் இல்லை என்றால், கடன்காரர் முழு 7 இலட்சத்தையும் கத்தார் நண்பரிடமே கேட்கலாம். அவர் அந்த லீசிங்கில் ஒப்பமே வைக்கவில்லை என்பது வாதமாகாது. வியாபாரத்தின் வழக்கமான அலுவலில் ஒரு பங்காளர் செய்யும் ஒப்பந்தம் மற்றவரையும் கட்டும்.

இதைத் தவிர்க்க வேண்டுமானால் ஒப்பந்தத்தில் நட்டத்தை எப்படிப் பிரிப்பது என்று தனியாக எழுதுங்கள். உழைப்பவருக்கு மாதம் எவ்வளவு என்று எழுதுங்கள். "இலாபம் 50:50" என்பதை மட்டும் எழுதி நட்டத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால், நட்டமும் அதே விகிதத்தில்தான் போகும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தப் பிரிப்பு உங்கள் இருவருக்கும் இடையில்தான் செல்லும். பால்காரரையோ லீசிங் நிறுவனத்தையோ அது கட்டாது.

இதே நட்டம் கம்பனியாக இருந்தால்?

கம்பனி கலைக்கப்படும். 9 இலட்சமும் கடன்காரருக்குப் போகும், 7 இலட்சம் கடன்காரரின் நட்டம். பங்குப் பணத்தை முழுதாகக் கட்டியிருந்தால் நண்பர்கள் போட்டதை இழப்பார்கள், அதோடு சரி. வீடு வாசலுக்கு யாரும் வர முடியாது.

இது புத்தகத்தில் உள்ள பதில். லீசிங் நிறுவனத்துக்கு இது நன்றாகத் தெரியும். நேற்றுப் பதிந்த கம்பனிக்கு அது வாகனம் கொடுக்கும்போது பணிப்பாளர்கள் இருவரையும் தனிப்பட்ட பிணையாளர்களாக ஒப்பமிடச் சொல்லும். ஒப்பமிட்டால், அந்த 11 இலட்சத்தைப் பொறுத்தவரை நீங்கள் பங்காளர்களாக இருந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கம்பனியிடம் கிடைத்தது போக மிச்சத்தைப் பிணையாளரிடம் கேட்பார்கள்.

அப்படியானால் கம்பனி எதற்கு? பிணை வைத்த கடனுக்கு மட்டும்தான் நீங்கள் பொறுப்பு, மற்றவற்றுக்கு இல்லை. அதுதான் பயன். ஒரு கொழும்பு ஹோட்டலில் உங்கள் தயிரைச் சாப்பிட்டு நாற்பது பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால், இழப்பீட்டு வழக்குக் கம்பனி மேல் வரும். பங்குடைமையில் அது இருவரின் தனிச் சொத்து வரைக்கும் போகும். இந்த ஒன்றுக்காகத்தான் தயிருக்குக் கம்பனி என்கிறேன். தும்புத்தடி செய்து விற்பவருக்கு இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். ஆனால் அசட்டையாக நடந்தவர் மேலேயே தனியாக வழக்கு வந்தால் கம்பனி அவரைக் காப்பாற்றாது.

பிணை ஒப்பந்தத்தில் தொகைக்கு ஓர் உச்சவரம்பு கேளுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: ஒருவர் கம்பனியை விட்டு விலகினால் பிணையில் இருந்து எப்படி விடுபடுவார்? பங்கை விற்றுவிட்டுப் போனவர், பிணை மட்டும் தன் பெயரில் இருப்பதை வருடக்கணக்கில் அறியாமல் இருப்பது நடக்கிற விடயம்தான்.

பால்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டப்படி அவர்களுடைய பாக்கிக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி மறுபடியும் பால் கேட்டுப் போக வேண்டும் என்றால் அந்தச் சட்டம் உங்களுக்கு உதவாது.

வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது, அவர் பெயரில்தான் உறுதி இருக்கிறது. அப்படியென்றால் பங்குடைமையிலும் பயமில்லைதானே?

நம் பகுதியில் பெரும்பாலும் அப்படித்தான்; வீடு பெண்ணுக்குப் போகும். மனைவியின் தனிச் சொத்தைக் கணவரின் வியாபாரக் கடனுக்காகப் பிடிக்க முடியாது என்பது சரி. அதனால்தான் வங்கி மனைவியையும் அழைத்து ஒப்பம் கேட்கிறது. அவர் பிணையாளராகவோ அடைமானம் வைப்பவராகவோ ஒப்பமிட்ட கணத்தில் அந்தப் பாதுகாப்பு போய்விடும். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து" என்று சொல்லி யாரையும் அழைத்துப் போக வேண்டாம். என்ன பத்திரம் என்று அவரும் வாசிக்க வேண்டும்.

பணம் 24க்கு 2. ஆனால் இருவரும் சமம் என்று பேசிக்கொண்டோம். கம்பனியில் பங்கை எப்படிப் பிரிப்பது?

பங்கையும் பணத்தையும் பிரித்துப் பாருங்கள். போட்ட பணம் முழுவதையும் பங்காக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு வழி: இருவரும் தலைக்கு 2 இலட்சத்துக்குப் பங்கு எடுப்பது. வாக்கும் இலாபமும் சமம். கத்தார் நண்பரின் மிச்ச 22 இலட்சம் கம்பனிக்கு அவர் கொடுக்கும் கடன். எப்போது, எந்த வரிசையில் அது திரும்பும் என்பதைப் பணிப்பாளர் சபைத் தீர்மானத்திலும் ஒரு கடன் ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு திருப்பிச் செலுத்துவதில்லை, இரண்டாம் ஆண்டில் இருந்து மாதம் 50,000 ரூபா என்பதுபோல. அந்த வேகத்தில் 44 மாதங்களில் கடன் தீரும். அதன் பிறகு இருவரும் உண்மையிலேயே சமம்.

இதில் ஒரு சிக்கல். நட்டம் வந்தால் பங்குப் பணம் கடைசியாகத்தான் திரும்பும், கடன் பால்காரரோடு ஒரே வரிசையில் நிற்கும். கத்தார் நண்பருக்கு அது நல்லது. வங்கிக்கு அது பிடிக்காது. திட்டத்தைப் பார்க்கும் உத்தியோகத்தர், "உங்கள் கடன் தீரும் முன் எங்கள் கடன் தீர வேண்டும்" என்று கடிதம் கேட்கலாம். அதைக் கொடுப்பது நியாயம். அதை முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிட்டால் நேர்காணலில் ஒரு கேள்வி குறையும்.

சரிபாதிப் பங்கின் மற்ற ஆபத்து முட்டுக்கட்டை. இருவரில் ஒருவர் "வேண்டாம்" என்றால் எதுவும் நடக்காது. கம்பனிச் சட்டத்தின் 224ஆம், 225ஆம் பிரிவுகளின் கீழ் நீதிமன்றம் போகலாம்; ஆனால் அந்த வழி தயிர் வியாபாரத்தைவிட அதிகம் செலவாகும். ஆகவே அகவிதிகளிலோ தனியான பங்குதாரர் உடன்படிக்கையிலோ ஒரு வெளியேறும் வழி வையுங்கள். முட்டிக்கொண்டு இத்தனை நாள் ஆனால், ஒருவர் ஒரு விலை சொல்ல வேண்டும். மற்றவர் அந்த விலைக்கு வாங்கலாம், அல்லது அதே விலைக்கு விற்கலாம். விலை சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கப்போகிறார் என்பது தெரியாததால் நியாயமான விலையைச் சொல்வார். பணம் கூடிய ஆளுக்கு இது சாதகம் என்பதால் வாங்கும் பணத்தை ஆறு மாதத் தவணையில் கட்டலாம் என்றும் சேருங்கள்.

நாங்கள் இருவரும் வட்டி கொடுக்கவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம். கத்தார் நண்பர் காத்தான்குடி. ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் போடும் இஸ்லாமிய முழாரபா முறையில் செய்யலாமா?

செய்யலாம். மேலே சொன்ன கடனை வட்டியில்லாமலே எழுதலாம். பங்குடைமையாகச் செய்வதானால் முழாரபாவில் பண நட்டம் முதலீட்டாளருடையது, உழைத்தவர் உழைப்பை இழக்கிறார். 1890ஆம் ஆண்டுச் சட்டமோ நட்டத்தைச் சரிபாதியாக்குகிறது. இரண்டும் நேர் எதிர். ஆகவே "முழாரபா அடிப்படையில்" என்று ஒரு சொல்லை மட்டும் போட்டுவிட்டு நிற்காமல், நட்டம் யாருக்கு என்று வெளிப்படையாக ஒரு வாசகம் எழுதுங்கள்.

கம்பனி பதிய என்ன செய்ய வேண்டும்? பிறகு வருடா வருடம் என்ன வேலை?

பதிவது கடினம் இல்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரு பங்குதாரரும் ஒரு பணிப்பாளரும் இருந்தாலே தனியார் கம்பனி தொடங்கலாம். பங்குதாரர் 50 பேரைத் தாண்டக்கூடாது. கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் eROC இணையத்தளத்தில் முதலில் பெயரை உறுதிசெய்துகொண்டு, பிறகு படிவம் 1, பணிப்பாளர் சம்மதத்துக்குப் படிவம் 18, செயலாளர் சம்மதத்துக்குப் படிவம் 19, அகவிதிகள் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். கத்தாரில் இருப்பவரும் பணிப்பாளராக இருக்கலாம். அவர் அங்கிருந்தே ஊரில் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்க விரும்பினால் டோகாவில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் அதைச் செய்துகொள்ளலாம்.

இருவருமே பணிப்பாளராக இருங்கள். ஒரே பணிப்பாளர் இறந்துபோனால் வங்கிக் கணக்கில் ஒப்பமிட ஆளில்லாமல் கம்பனி நிற்கும், குளிரூட்டியில் தயிர் புளிக்கும்.

அகவிதிகளைப் பற்றி ஒரு குறை. பலர் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ள மாதிரியை அப்படியே எடுத்துவிடுகிறார்கள். அது எல்லாருக்குமாக எழுதப்பட்டது. பங்கை வெளியாருக்கு விற்கும் முன் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதும், மேலே சொன்ன வெளியேறும் வழியும் உங்களுக்கு வேண்டியபடி அதில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பதிந்த பிறகுதான் உண்மையான வேலை. கூட்டிணைப்பைப் பற்றிப் பகிரங்க அறிவித்தல், கம்பனிச் செயலாளர், ஆண்டுதோறும் படிவம் 15 என்ற ஆண்டு விவரத்திரட்டு, நிதிக்கூற்றுகள், கணக்காய்வாளர். பணிப்பாளர் மாறினால் படிவம் 20. செயலாளருக்கும் கணக்காய்வாளருக்கும் தயிர் விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டணம் கொடுக்க வேண்டும். திட்டத்தின் செலவுப் பட்டியலில் இவற்றை "ஏனைய செலவுகள்" என்ற மூட்டைக்குள் போடாமல் தனி வரியாகக் காட்டுங்கள்; கட்டணம் எவ்வளவு என்பதை மட்டக்களப்பிலேயே இரண்டு இடங்களில் கேட்டு எழுதுங்கள்.

கம்பனி பழுதாவதை எப்படி அறிவது? ஊர் நண்பர் கம்பனி அட்டையில் வீட்டுச் சாமான் வாங்கத் தொடங்குவது ஒன்று. கத்தார் நண்பர் கம்பனிக்கு என்று அனுப்பும் பணம் ஊர் நண்பரின் சொந்தக் கணக்கில் விழுவது இன்னொன்று. மூன்றாவது சட்டத்திலேயே இருக்கிறது: தேறிய சொத்து, கூறப்பட்ட மூலதனத்தின், அதாவது பங்குக்காகக் கட்டிய பணத்தின், பாதிக்குக் கீழே இறங்கினால் பணிப்பாளர்கள் பங்குதாரர் கூட்டத்தைக் கூட்ட வேண்டும் என்கிறது 220ஆம் பிரிவு. உங்கள் கூறப்பட்ட மூலதனம் 4 இலட்சம் என்றால் அந்த எல்லை 2 இலட்சம். முதல் ஆண்டு நட்டத்திலேயே அதைத் தொட்டுவிடலாம். கூட்டாமல் விட்டால் பணிப்பாளரின் தனிப்பட்ட பொறுப்பு எட்டிப் பார்க்கும்.

வரியில் எது இலாபம்?

சிறிய இலாபத்தில் பங்குடைமை. ஆண்டுக்கு 30 இலட்சம் இலாபம் என்று வைப்போம். பங்குடைமை தன் வருமான விவரத்திரட்டைத் தனியே கொடுத்து, தன் மட்டத்தில் வரும் வரியையும் கட்ட வேண்டும்; அது பங்காளரின் வரிக்கணக்கில் வரவாகும். ஆனால் முடிவில் வரி ஒவ்வொருவரின் பங்கையும் பார்த்துத்தான். ஆளுக்கு 15 இலட்சம். 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் நிவாரணம் 18 இலட்சம் என்பதால், இலங்கையில் வேறு வருமானம் இல்லாவிட்டால் இருவருக்கும் தனிநபர் வரி வராது.

கம்பனி 30 சதவீதம் கட்ட வேண்டும்: 9 இலட்சம். மிச்ச 21 இலட்சத்தையும் பங்கிலாபமாக எடுத்தால் அதில் 15 சதவீதம், 3,15,000. இப்படிப் பார்த்துப் பயந்து ஓடுகிறவர்கள் பலர். ஆனால் ஊர் நண்பர் முழுநேரம் வேலை செய்கிறார். அவருக்கு மாதம் 1,25,000 சம்பளம் என்று கம்பனி கொடுத்தால் அது செலவு. ஆண்டுக்கு 15 இலட்சம் இலாபத்தில் இருந்து கழியும். அவருடைய நிவாரணத்துக்குள்ளும் அடங்கும். மீதி 15 இலட்சத்துக்கு வரி 4½ இலட்சம். பங்கிலாபமாக எடுக்கும் 10½ இலட்சத்தில் 1,57,500. மொத்தம் 6,07,500, முதல் கணக்கின் பாதி. சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதி விடயமும் வரும். அதை இங்கே சேர்க்கவில்லை. அந்த 6 இலட்சத்தை, மேலே சொன்ன நாற்பது வயிறுகளுக்கு எதிரான பாதுகாப்பின் விலை என்று பார்த்து நீங்களே முடிவெடுங்கள்.

முதலில் பங்குடைமை, நன்றாகப் போனால் கம்பனி என்று எழுதினால் வங்கி ஏற்குமா?

ஏற்கும், எப்போது மாறுவீர்கள் என்பதைச் சொன்னால். "வளர்ந்த பிறகு" என்பது திகதி இல்லை. "வாகன லீசிங்கில் ஒப்பமிடும் முன்" அல்லது "முதலாவது ஹோட்டல் ஒப்பந்தத்துக்கு முன்" என்று எழுதுங்கள்.

மாறும்போது பழைய கடன் தானாகக் கம்பனிக்குப் போகாது. பங்குடைமைக் காலத்துப் பாக்கிகளுக்கு நீங்கள் பங்காளர்களாகவே பொறுப்பு. வங்கிக் கணக்கு, ஹோட்டல் ஒப்பந்தம், சுகாதார உத்தரவு, பிரதேச சபையின் உத்தரவுப் பத்திரம் எல்லாவற்றையும் புதிய பெயரில் எடுக்க வேண்டும். கொடுக்கல் வாங்கல் உள்ள எல்லாருக்கும் "இன்ன திகதி முதல் கம்பனி" என்று கடிதம் கொடுங்கள், பட்டியல் புத்தகத்தையும் மாற்றுங்கள். பழைய பட்டியல் புத்தகம் முடியட்டும் என்று இருந்தால், வாங்குபவர் பழைய பங்காளர்களோடுதான் வியாபாரம் செய்தேன் என்பார்.

திட்டத்தில் அந்த வெறுமையான இடத்தில் எத்தனை வரி எழுதுவது? ஒரு மாதிரி தருவீர்களா?

அரைப்பக்கம் போதும். மூன்று அமைப்புகளின் நன்மை தீமைகளைப் பாடப் புத்தகத்தில் இருந்து எடுத்து எழுத வேண்டாம். வங்கி உத்தியோகத்தர் அதைப் படித்துத்தான் வேலைக்கு வந்திருக்கிறார். உங்களுடைய எண்களை எழுதுங்கள்:

"தனியார் கம்பனியாகப் பதியப்படும். பங்குதாரரும் பணிப்பாளர்களும் இருவர், பங்கு 50:50, கூறப்பட்ட மூலதனம் 4 இலட்சம். ஒரு பங்குதாரர் 22 இலட்சத்தை வட்டியில்லாக் கடனாகத் தருகிறார். வங்கிக் கடன் ஒழுங்காகச் செலுத்தப்படும் வரை அது வங்கிக்குப் பிந்தியதாகும். அன்றாட நிர்வாகம் ஊரில் உள்ள பணிப்பாளருடையது. மாதச் சம்பளம் முதல் ஆண்டு 60,000. 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கொடுப்பனவுக்கும் எந்தக் கடனுக்கும் இருவரின் ஒப்பமும் வேண்டும். பங்கு விற்பனை, மரணம், முட்டுக்கட்டை பற்றிய ஏற்பாடுகள் பங்குதாரர் உடன்படிக்கையில் உள்ளன, பிரதி இணைக்கப்பட்டுள்ளது. கொட்டில் அமைந்த காணி ஐந்தாண்டு நொத்தாரிசுக் குத்தகையில் பெறப்படும்."

கடைசி இரண்டு வாக்கியங்களையும் எழுதிவிட்டு ஆவணத்தை இணைக்காமல் விடுவோர் உண்டு. அவ்வாறு இருந்தால் அந்த வாக்கியங்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள்; இணைப்பு எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.